லேன் கேபிளா, போர்ட்டா? வயர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுபோவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்திருக்கிறேன். கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் 94ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. நெட் கம்பெனி குறைத்துக் கொடுக்கிறதா?"

அவர்களுக்கு போன் போடுவதற்கு முன்னால் வீட்டுக்குள் தேடுங்கள். 60, 150, 210 என்று ஏறி இறங்கும் எண் வந்தால் வெளியே ஏதாவது காரணம் இருக்கலாம். எந்த நேரத்தில் சோதித்தாலும் 93, 94 என்று ஒரே இடத்தில் வந்து நின்றால், மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஏதோ ஓர் இணைப்பு ஜிகாபிட்டில், அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸில், ஓடாமல் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

94 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் சந்தேகம் போய்விடும். ஈதர்நெட்டில் ஒரு முழு பாக்கெட் கம்பியில் போகும்போது 1538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, பிழை சரிபார்ப்பு, அடுத்த பாக்கெட்டுக்கு முன் விடும் இடைவெளி எல்லாம் போக நமக்கு மிஞ்சுவது 1448 அல்லது 1460 பைட்தான். நூற்றுக்கு 94, 95. ஆக, 100 எம்பிபிஎஸ் இணைப்பு தன் முழு வேகத்தில் ஓடும்போதுதான் ஸ்பீடு டெஸ்ட்டில் 94 வரும். வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய ஃபைலை காப்பி செய்யும்போது வினாடிக்கு 11 மெகாபைட்டில் நிற்பதும் இதே கதைதான். ஜிகாபிட்டில் அது 110 பக்கம் போகும்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் பிளானே 100 எம்பிபிஎஸ் என்றால் 94 வருவது சரியான வேகம், அதில் தேட ஒன்றும் இல்லை. பிளான் அதைவிடப் பெரியது, மோடத்துக்குப் பக்கத்தில் நின்று வைஃபையில் போனில் சோதித்தால் 200க்கு மேல் வருகிறது, கேபிளில் மட்டும் 94 என்றால் இந்தப் பக்கம் உங்களுக்கானது.

"100ல் இணைந்திருக்கிறதா, ஜிகாபிட்டில் இணைந்திருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?"

ஸ்பீடு டெஸ்ட்டை விட்டுவிட்டு லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். கேபிளைச் செருகியதும் இரண்டு முனையிலும் உள்ள போர்ட்டுகள் தங்களுக்குள் பேசி ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்கின்றன. அந்த வேகம்தான் லிங்க் ஸ்பீடு. இன்டர்நெட் வேலை செய்யாத நேரத்தில்கூட இதைப் பார்க்கலாம்.

விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இதை அடியுங்கள்:

```
Get-NetAdapter -Physical | Format-Table Name, LinkSpeed
```

`Ethernet` என்ற வரிக்கு எதிரே `1 Gbps` அல்லது `100 Mbps` என்று வரும். லினக்ஸில் `ip -br link` என்று அடித்தால் கார்டின் பெயர் தெரியும். அது `enp3s0` என்று வைத்துக்கொள்வோம்:

```
sudo ethtool enp3s0
```

இதில் `Speed: 1000Mb/s` அல்லது `Speed: 100Mb/s` என்ற வரியைத் தேடுங்கள். மேக்கில் டெர்மினலைத் திறந்து `ifconfig` என்று அடித்து, கேபிள் செருகியிருக்கும் கார்டுக்குக் கீழே `media` என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். `1000baseT` என்றால் ஜிகாபிட், `100baseTX` என்றால் 100.

போர்ட்டில் எரியும் சின்ன விளக்கின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு தயாரிப்பில் பச்சை ஜிகாபிட், இன்னொன்றில் அதே பச்சை 100. அந்த மாடலின் கையேட்டில் போட்டிருந்தால் ஒழிய அந்த நிறத்துக்குப் பொதுவான அர்த்தம் கிடையாது.

ஒன்றை மறக்காதீர்கள். கம்ப்யூட்டரில் தெரியும் லிங்க் ஸ்பீடு அதில் செருகியிருக்கும் அந்த ஒரு கேபிளுக்கு மட்டும்தான். நடுவில் ஒரு கேபிளைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்தால், அந்த ஸ்விட்ச்சுக்கு அப்பால் என்ன வேகம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

"100 என்றுதான் காட்டுகிறது. தப்பு கேபிளிலா போர்ட்டிலா என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?"

ஓர் இணைப்பில் சந்தேகப்பட மூன்று பேர் இருக்கிறார்கள்: இந்த முனை போர்ட், அந்த முனை போர்ட், நடுவில் கேபிள். மூன்றுமே சரியாக இருந்தால்தான் ஜிகாபிட் கிடைக்கும்.

பெரும்பாலானவர்கள் செய்வது, கெட்டுப்போன இணைப்பில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. கேபிளை மாற்றுவார்கள், 100. சரி, கேபிள் தப்பில்லை என்று பழையதையே செருகிவிடுவார்கள். போர்ட்டை மாற்றுவார்கள், அப்போதும் 100. சரி, போர்ட்டும் தப்பில்லை. இப்படியே போனால் கடைசியில் கம்ப்யூட்டரையே குறை சொல்ல வேண்டி வரும். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் தப்பு இருந்தால் இந்த முறை உங்களைக் கட்டாயம் ஏமாற்றும். பழைய வீடுகளில் இரண்டு தப்பு சேர்ந்து இருப்பதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

அதனால் எதிர்த்திசையில் போங்கள். முதலில் எப்படியாவது ஒரு தடவை `1 Gbps` என்று காட்டும் இணைப்பை உண்டாக்குங்கள். ஜிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப்பையும் ஒன்றிரண்டு மீட்டர் நீளமுள்ள, கம்பெனியிலேயே பிளக் போட்டு வந்த புதுக் கேபிளையும் எடுத்துக்கொண்டு மோடத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். மோடத்தின் ஒவ்வொரு லேன் போர்ட்டிலும் செருகி லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் `1 Gbps` வந்தால் அந்த லேப்டாப், அந்தக் கேபிள், அந்த போர்ட் மூன்றுமே நல்லவை என்று ஒரே அடியில் நிரூபணம் ஆகிவிட்டது. இனி இதுதான் உங்கள் அளவுகோல்.

அப்புறம் சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராக இந்த நல்ல இணைப்புக்குள் கொண்டுவாருங்கள். லேப்டாப்பும் போர்ட்டும் அப்படியே இருக்க, சின்னக் கேபிளுக்குப் பதில் சந்தேகமான கேபிள். வேகம் 100க்கு இறங்கினால் கேபிள்தான். இறங்கவில்லை என்றால் கேபிளை விட்டுவிட்டு, மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கீழே மோடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து லேப்டாப்பின் இடத்தில் செருகுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். சுவருக்குள் போகும் கேபிளைக் கழற்றிக் கொண்டுவர முடியாதே என்று கேட்பீர்கள். லேப்டாப்பை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அதே கேபிளின் மேல் முனையில் செருகினால் போதும், கீழ் முனை நிரூபணமான போர்ட்டிலேயே இருக்கட்டும். ஆனால் சுவர் சாக்கெட் இருந்தால் இரண்டு முனையிலும் ஒரு சின்ன இணைப்புக் கேபிள் இருக்கும். அவையும் நல்லவை என்று ஏற்கெனவே சோதித்ததாக இருக்க வேண்டும்.

எந்த போர்ட்டிலுமே `1 Gbps` வரவில்லையா? மோடத்தில் ஜிகாபிட் போர்ட்டே இல்லாமல் இருக்கலாம், அல்லது லேப்டாப்பில் இல்லாமல் இருக்கலாம். லேப்டாப்புக்கு யுஎஸ்பி லேன் அடாப்டர் பயன்படுத்துபவர்கள் அடாப்டரைக் கவனியுங்கள். யுஎஸ்பி 2.0 காலத்து மலிவான அடாப்டர்களில் பல 100 மட்டுமே கொடுக்கும்.

"மோடத்தில் நான்கு போர்ட்டும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கின்றன. எதில் செருகினால் என்ன?"

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு வேறாக இருக்கலாம். நம் ஊரில் ஃபைபர் இணைப்போடு கொடுக்கும் மோடங்களில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100 என்று வரும் மாடல்கள் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் முதல் போர்ட்தான் ஜிகாபிட். சில பெட்டிகளில் போர்ட்டுக்குப் பக்கத்தில் ஜிஇ, எஃப்இ என்று ஆங்கில எழுத்துகளில் போட்டிருக்கும். முதலாவது ஜிகாபிட், இரண்டாவது 100. ஒன்றும் போடாமல் லேன் 1, லேன் 2 என்று மட்டும் இருந்தால் லேப்டாப்பை வைத்துச் சோதிப்பது ஒன்றே வழி.

தனியாக வாங்கும் ரவுட்டரிலும் இந்தச் சிக்கல் உண்டு. பெட்டியின் மேல் வைஃபை வேகம் 1200 என்று பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் உள்ள லேன் போர்ட்டுகளும், மோடத்திலிருந்து இன்டர்நெட் உள்ளே வரும் வான் போர்ட்டும் எல்லாமே 100 ஆக இருக்கும். அந்த ரவுட்டரில் வான் போர்ட்டே 100 என்பதால் வைஃபையில்கூட இன்டர்நெட் 94ஐத் தாண்டாது.

"உண்மையில் நடந்த ஒரு வீட்டின் கதையைச் சொல்ல முடியுமா?"

திருநெல்வேலியில் என் அக்கா வீடு. கீழே ஹாலில் ஃபைபர் மோடம், மாடியில் அக்கா மகனின் கம்ப்யூட்டர். நடுவில் வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப்பில் இழுத்த சுமார் 25 மீட்டர் கேபிள், இரண்டு முனையிலும் சுவர் சாக்கெட். பிளான் 300. ஹாலில் போனில் வைஃபையில் 270 வந்தது. மாடிக் கம்ப்யூட்டரில் 93.8.

"மாமா, கேபிளை மாத்திப் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகலை" என்றான். அவன் மாற்றியது மாடியில் சாக்கெட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் சின்னக் கேபிளை. சுவருக்குள் இருப்பதும் கேபிள்தான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பவர்ஷெல்லில் பார்த்தோம், `100 Mbps`.

லேப்டாப்பையும் புதுக் கேபிளையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தோம். வீட்டுக் கேபிள் மோடத்தில் இரண்டாவது போர்ட்டில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைச் செருகினால் `100 Mbps`. மூன்றிலும் நான்கிலும் அதேதான். முதல் போர்ட்டில் `1 Gbps`. அதில் அதுவரை டிவி செருகியிருந்தார்கள். காரணம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக் கேபிளை முதல் போர்ட்டுக்கு மாற்றிவிட்டு அவன் மாடிக்கு ஓடினான். மறுபடியும் `100 Mbps`.

கீழே லேப்டாப்பில் ஜிகாபிட்டைக் கண்ணால் பார்த்திருக்காவிட்டால், போர்ட்டை மாற்றியும் பலனில்லை என்று அந்த இடத்திலேயே விட்டிருப்போம். பார்த்திருந்ததால் மோடத்தின் முதல் போர்ட்டைச் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை. லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரின் இடத்தில் செருகினோம். அதிலும் `100 Mbps`. கீழே ஜிகாபிட் காட்டிய அதே லேப்டாப், அதே போர்ட், சோதித்த சின்னக் கேபிள்கள். மிச்சம் இருப்பது சுவருக்குள் போகும் கேபிளும் அதன் இரண்டு சாக்கெட்டும்தான்.

மாடிச் சாக்கெட்டைத் திறந்தால் எட்டுக் கம்பியும் ஒழுங்காகப் பதிந்திருந்தன. கீழ்ச் சாக்கெட்டைத் திறந்தபோது விடை தெரிந்தது. ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் பழுப்பு ஜோடியும் பதிந்திருந்தன. நீல ஜோடி மட்டும் தனியாகப் பிரிந்து பக்கத்தில் இருந்த பழைய டெலிபோன் ரோசெட்டுக்குப் போயிருந்தது. முன்பு மாடிக்கு லேண்ட்லைன் எக்ஸ்டென்ஷன் கேட்டிருக்கிறார்கள். வயரிங் செய்தவர் புதிதாக வயர் இழுக்காமல் இதிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்போது 10 எம்பிபிஎஸ் பிளான், யாருக்கும் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. லேண்ட்லைனை எடுத்து வருடங்கள் ஆகின்றன, ஜோடி மட்டும் அங்கேயே இருந்தது.

நீலக் கம்பி இரண்டையும் சாக்கெட்டில் அதனதன் நிறத்துக்கு நேராக வைத்து பஞ்சிங் டூலால் அழுத்தினோம். மாடியில் `1 Gbps`. ஸ்பீடு டெஸ்ட்டில் 286. டிவியை இரண்டாவது போர்ட்டுக்கு மாற்றிவிட்டோம். புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை.

"ஒரு ஜோடி இல்லை என்றால் இணைப்பே வராமல் போக வேண்டுமே. ஏன் சரியாக 100ல் வந்து நிற்கிறது?"

100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு எட்டுக் கம்பியில் நான்கு போதும். பிளக்கில் 1, 2 ஆம் பின்களில் ஒரு ஜோடி, 3, 6 ஆம் பின்களில் இன்னொரு ஜோடி. வழக்கமான நிற வரிசையில் அவை ஆரஞ்சும் பச்சையும். ஒன்றில் அனுப்பும், மற்றதில் வாங்கும். 1999ல் வந்த ஜிகாபிட் தரம் நான்கு ஜோடியையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. 4, 5 ஆம் பின்களில் உள்ள நீலமும் 7, 8ல் உள்ள பழுப்பும் அதற்குத்தான் வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். என்ன வேகத்தில் பேசலாம் என்று இரண்டு போர்ட்டும் கலந்துகொள்வது அந்த முதல் இரண்டு ஜோடியில்தான். அங்கே "எனக்கு ஜிகாபிட் தெரியும்", "எனக்கும் தெரியும்" என்று ஒத்துக்கொண்டுவிடுகின்றன. பிறகு நான்கு ஜோடியிலும் சிக்னல் அனுப்பத் தொடங்கினால் நீலத்தில் பதில் இல்லை. சில தடவை முயன்றுவிட்டு, இப்போதுள்ள பெரும்பாலான சிப்புகள் தாமாகவே 100க்கு இறங்கிவிடும். அப்படி இறங்கத் தெரியாத சில பழைய சிப்புகளில் இணைப்பு வந்து வந்து போகும், அல்லது வரவே வராது. லினக்ஸில் `dmesg` பார்க்கும்போது இப்படி ஒரு வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், கேபிளைப் பாருங்கள்:

```
Downshift occurred from negotiated speed 1Gbps to actual speed 100Mbps, check cabling!
```

எல்லா டிரைவரும் இதை எழுதாது. வரி இல்லை என்பதற்காகக் கேபிள் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம்.

டெலிபோனுக்கு ஜோடி எடுத்தது போலவே, ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கம்ப்யூட்டருக்கு நான்கு நான்கு கம்பியாகக் கொடுத்திருப்பதையும் பழைய அலுவலகங்களில் பார்க்கலாம். சிசிடிவிக்காக மலிவான பவர் இன்ஜெக்டர் போட்ட இடத்தில் நீலத்திலும் பழுப்பிலும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதுவும் 100க்குத்தான் இடம் கொடுக்கும். சாக்கெட்டைத் திறக்கும் முன் இன்ஜெக்டரை அணைத்துவிடுங்கள்.

"கேபிளைக் கையில் தொடாமலே, கேபிளா எதிர்முனை போர்ட்டா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?"

லினக்ஸில் ஓரளவு உண்டு. `ethtool` கொடுக்கும் வரிகளில் நம் போர்ட் என்னென்ன வேகம் தெரியும் என்று சொல்கிறது, எதிர்முனை என்ன சொல்கிறது என்ற இரண்டும் இருக்கும். சுருக்கி எழுதினால் இப்படி:

```
Advertised link modes:              100baseT/Full 1000baseT/Full
Link partner advertised link modes: 100baseT/Full
Speed: 100Mb/s
```

இங்கே எதிர்முனை ஜிகாபிட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அநேகமாக அந்த போர்ட்டே 100தான். இரண்டாவது வரியிலும் `1000baseT/Full` இருந்து `Speed` மட்டும் 100 என்று நின்றால் இருவருக்கும் விருப்பம் இருக்கிறது, பாதைதான் இடம் கொடுக்கவில்லை. அதாவது கேபிள், பிளக், சாக்கெட். அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தோற்று 100க்கு இறங்கிய பிறகு சில சிப்புகள் ஜிகாபிட்டைச் சொல்வதையே நிறுத்திவிடும். அப்போது முதல் வகை போலவே தெரியும். அதனால் இதை வைத்து எங்கே முதலில் தேடுவது என்று முடிவு செய்யுங்கள். புது மோடம் வாங்கும் முடிவை லேப்டாப் சோதனைக்குப் பிறகே எடுங்கள்.

"கேபிளின் மேல் கேட் 5 என்றுதான் அச்சடித்திருக்கிறது. பழைய கேபிள் என்பதால்தான் 100ல் நிற்கிறதா?"

பழையது என்பதற்காக மட்டும் நிற்காது. ஜிகாபிட் தரத்தை வகுத்தபோதே, அப்போது கட்டடங்களில் இருந்த கேட் 5 கேபிளில் 100 மீட்டர் வரை ஓட வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் வகுத்தார்கள். கேட் 5இ அதைவிடக் கொஞ்சம் கண்டிப்பான அளவுகளோடு வந்தது. வீட்டுக்குள் இருக்கும் 20, 30 மீட்டருக்கு நல்ல செம்புக் கம்பியில் செய்த கேட் 5, எட்டுக் கம்பியும் சரியாக இருந்தால், ஜிகாபிட்டைத் தாராளமாகத் தாங்கும். சுவரை உடைத்து கேட் 6 இழுக்கச் சொல்பவரிடம் முதலில் இரண்டு சாக்கெட்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

உண்மையில் கெடுவது பெரும்பாலும் முனைகள்தான். பிளக்கின் கிளிப் உடைந்து பாதி வெளியே வந்து நிற்பது, கிரிம்ப் செய்யும்போது ஒரு கம்பி கடைசி வரை போகாமல் நின்றது, கடற்கரை ஊர்களில் பின்கள் பச்சை பூத்துப் போவது. கண்ணாடி போன்ற பிளக் என்றால் வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். எட்டுச் செம்புப் புள்ளிகளும் முனை வரை வந்து தெரிய வேண்டும். ஏழுதான் தெரிகிறது என்றால் அந்த முனையை வெட்டிப் புதுப் பிளக் போடுங்கள்.

"கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. ஆனாலும் 100 தான். எப்படி?"

அந்தச் சின்ன டெஸ்டர் ஒவ்வொரு கம்பியும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கும். ஒரு விளக்கு எரியாவிட்டால் அது சொல்வதை நம்பலாம். எல்லாம் எரிந்தால் முழுதாக நம்ப முடியாது.

அது கண்டுபிடிக்காத தப்புகளில் முக்கியமானது ஜோடி மாறிப்போவது. கேபிளுக்குள் ஒவ்வொரு ஜோடியின் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும். பக்கத்து ஜோடியின் சிக்னல் இதில் கலக்காமல் காப்பது அந்த முறுக்குதான். சிலர் நிற வரிசை தெரியாமல், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் 3, 6 ஆம் பின்கள் ஒரே ஜோடியில் இருக்க வேண்டியவை, இப்போது இரண்டு வேறு ஜோடிகளிலிருந்து வந்திருக்கின்றன. முறுக்கு தரும் காப்பு அங்கே இல்லை. இரண்டு மீட்டர் கேபிளில் தப்பித்துவிடலாம். நீளம் கூடக்கூட ஜிகாபிட் முதலில் போகும், 100ம் தள்ளாடும்.

சரியான வரிசை, கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, தங்கப் பின்கள் மேலே பார்க்க, இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீல ஜோடியைத் தாண்டி இரண்டு பக்கமும் உட்காருவதைக் கவனியுங்கள். அந்த ஓர் இடத்தில்தான் தப்பு நடக்கிறது.

"கம்ப்யூட்டரில் `1 Gbps` என்றே காட்டுகிறது. ஸ்பீடு டெஸ்ட்டில் மட்டும் 94. இப்போது யாரைச் சந்தேகப்படுவது?"

நடுவில் உள்ள அடுத்த இணைப்பை. கம்ப்யூட்டர் ஸ்விட்ச்சோடு ஜிகாபிட்டில் பேசுகிறது, ஸ்விட்ச் மோடத்தோடு 100ல் பேசுகிறது. ஸ்விட்ச்சிலிருந்து மோடத்துக்குப் போகும் கேபிளைக் கழற்றி நேராக லேப்டாப்பில் செருகினால் அந்தத் துண்டின் லிங்க் ஸ்பீடு தெரிந்துவிடும். தனி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் மோடத்துக்கும் ரவுட்டரின் வான் போர்ட்டுக்கும் இடையில் உள்ள அந்த அரை மீட்டர் கேபிளை மறந்துவிடுகிறார்கள். ரவுட்டரோடு இலவசமாக வந்த கேபிள்களில் நான்கு கம்பி மட்டுமே உள்ளவையும் உண்டு. பிளக்கைப் பார்த்தாலே நடுவில் இரண்டு, ஓரத்தில் இரண்டு பின்களுக்குப் பின்னால் கம்பி இல்லாதது தெரியும்.

இன்டர்நெட்டை விலக்கிவிட்டு வீட்டுப் பாதையை மட்டும் அளக்க `iperf3` என்ற புரோகிராம் நல்லது, இரண்டு கம்ப்யூட்டரிலும் அது இருக்க வேண்டும். மோடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜிகாபிட் கம்ப்யூட்டரில் முதல் வரியும் மாடியில் இரண்டாவது வரியும் அடியுங்கள், அதில் உள்ள முகவரிக்குப் பதில் முதல் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைப் போட்டுக்கொண்டு:

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10
```

940 பக்கம் வந்தால் இரண்டுக்கும் இடையில் உள்ள பாதை முழுவதும் ஜிகாபிட். 94 வந்தால் நடுவில் ஒரு 100 இருக்கிறது.

"டிரைவர் செட்டிங்கில் 1 ஜிகாபிட் என்று கட்டாயப்படுத்தினால் சரியாகிவிடுமா?"

இல்லாத கம்பியை செட்டிங் உண்டாக்காது. கேபிளில் கோளாறு இருந்தால், அதுவரை 100ல் ஓடிய இணைப்பும் அறுந்துபோகும். அப்படி அறுந்தால் அதுவும் ஒரு சோதனை முடிவுதான், ஆனால் வேறு ஊரிலிருந்து ரிமோட்டில் இணைந்திருக்கும்போது செய்துவிடாதீர்கள்.

இதற்கு எதிரான தப்புதான் அதிகம் நடக்கிறது. எப்போதோ யாரோ 100 என்று பூட்டி வைத்திருப்பார்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் `Advanced` பகுதிக்குப் போய் `Speed & Duplex` என்பதைப் பாருங்கள். `Auto Negotiation` என்று இருக்க வேண்டும். கேபிளைக் கழற்றும் முன் அரை நிமிடத்தில் பார்த்துவிடக்கூடியது இது.

"சில நாள் `1 Gbps`, சில நாள் `100 Mbps` என்று மாறி மாறி வருகிறது."

ஏதோ ஒரு பின் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. லிங்க் ஸ்பீடைத் திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முனையிலும் பிளக்கை மெதுவாக அசைத்துப் பாருங்கள். இணைப்பு ஒரு நொடி போய் வேறு வேகத்தில் திரும்பி வந்தால் அந்த முனைதான். கேபிளைப் புதிதாக மாற்றியும் அதே போர்ட்டில் அப்படியே நடந்தால் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டுச் சின்னக் கம்பிகளும் ஒரே உயரத்தில் சாய்ந்திருக்க வேண்டும், ஒன்று மட்டும் அமுங்கி இருந்தால் தெரியும். இடி மின்னலுக்கு அடுத்த நாள் திடீரென்று ஒரு போர்ட் மட்டும் 100க்கு இறங்கிப் பிறகு ஏறவே இல்லை என்றால் உள்ளே ஒரு ஜோடியின் பாகம் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து ஜிகாபிட் போர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மழைக்காலம் முடியும் வரை அந்தப் பெட்டியைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மட்டும் 100 வந்தால் அது மின்சாரச் சிக்கனத்துக்காக டிரைவரே இறக்குவது. சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

"ஸ்மார்ட் டிவி 100 என்று காட்டுகிறது. கேபிளை மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். பெரும்பாலான டிவிகளில் லேன் போர்ட்டே 100தான், விலை உயர்ந்த மாடல்களிலும்கூட. 4கே படம் பார்க்க அது போதும்.

"சரி, கேபிள்தான் கெட்டது என்று தெரிந்துவிட்டது. எதை வாங்குவது?"

கேட் 5இ அல்லது கேட் 6, எதுவானாலும் முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். அது எளிதில் ஒடியும், சாக்கெட்டில் பதித்த இடத்தில் நாளடைவில் தளரும். ஒரு துண்டு வெட்டிக் கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். சுவருக்குள் போடுவதற்கு ஒற்றைக் கம்பி கேபிளும் சாக்கெட்டும், மேசையில் அசையும் இடத்துக்குக் கம்பெனி பிளக் போட்ட நெகிழ்வான கேபிளும் வாங்குங்கள். இழுத்து முடித்ததும் வேலை செய்தவர் கிளம்பும் முன்பே லேப்டாப்பைச் செருகி `1 Gbps` வருகிறதா என்று அவர் கண் முன்னால் பார்த்துவிடுங்கள்.